கேஜ், தனி அழுத்தம், வெற்றிடம்: நீலகிரியில் பம்ப் ஓட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள்

குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளில் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். வேலையை விட்ட பிறகும் மலையில் எந்தப் பம்ப் முனகினாலும் எனக்குத் தொலைபேசி வருகிறது. வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன: மானி காட்டும் எண் எதிலிருந்து எண்ணப்படுகிறது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. முதல் மூன்றைத் தாண்டிக் குதித்தால் பின்னால் வருபவை புரியாது.

பம்ப் ஓடாதபோது முள் சைபரில் நிற்கிறது. அப்படியென்றால் உள்ளே அழுத்தமே இல்லையா, அண்ணா?

இருக்கிறது. வெளியே உள்ள காற்றின் அழுத்தம் உள்ளேயும் இருக்கிறது. நாம் பயன்படுத்தும் சாதாரண மானிக்குள் வளைந்த பித்தளைக் குழல் ஒன்று உண்டு. குழலின் உள்ளே பம்பின் அழுத்தம், வெளியே நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். இரண்டும் சமமாக இருந்தால் குழல் அசையாது, முள் சைபரில் நிற்கும். உள்ளே கூடினால் குழல் நிமிரப் பார்க்கும்; குறைந்தால் இன்னும் சுருளப் பார்க்கும்.

ஆகவே மானி காட்டுவது வெறும் வித்தியாசத்தை மட்டும்தான். அந்த வித்தியாசத்துக்குத்தான் கேஜ் அழுத்தம் என்று பெயர். வெளிக்காற்றின் அழுத்தம் எவ்வளவு என்பது மானிக்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

கேஜ், தனி, வெற்றிடம் என்று மூன்று சொல்கிறீர்கள். எது எதிலிருந்து எண்ணுவது?

ஒரு கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்றின் அடிப்பாறைதான் உண்மையான சைபர். காற்றே இல்லாத, அதற்குக் கீழே போகவே முடியாத நிலை அது. தரைமட்டம் என்பது அந்த ஊரின் வளி அழுத்தம். தரையிலிருந்து மேலே அளந்தால் கேஜ் அழுத்தம். தரையிலிருந்து கிணற்றுக்குள் கீழ்நோக்கி அளந்தால் வெற்றிடம். எங்கே நின்றாலும் அடிப்பாறையிலிருந்து அளந்தால் அதுதான் தனி அழுத்தம். பட்டறையில் இதை அப்சல்யூட் என்பார்கள்.

```
தனி அழுத்தம் = ஊரின் வளி அழுத்தம் + கேஜ் அழுத்தம்
தனி அழுத்தம் = ஊரின் வளி அழுத்தம் − வெற்றிட அளவு
```

இரண்டும் ஒரே சூத்திரம்தான். வெற்றிடம் என்பது மைனஸ் கேஜ். இதை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். தவறு நடப்பது ‘ஊரின்’ என்ற சொல்லில். ஊருக்கு ஊர் தரைமட்டம் மாறும், அடிப்பாறை மாறாது. கடற்கரையில் அந்தக் கிணறு 760 மி.மீ. பாதரசம் ஆழம். ஊட்டியில் தரை தாழ்ந்துவிடுகிறது. கிணறு ஏறத்தாழ 580 மி.மீ. ஆழம்தான்.

ஊட்டிக்கு எவ்வளவு என்று வைத்துக்கொள்வது? குன்னூருக்கு?

நிலையான வளிமண்டல அட்டவணைப்படி 2240 மீட்டர் உயரமுள்ள ஊட்டிக்கு 77 கிலோபாஸ்கல் வருகிறது. பாதரசத்தில் 578 மி.மீ., நீர்மட்டமாகச் சொன்னால் 7.87 மீட்டர். குன்னூரை 1850 மீட்டர் என்று எடுத்தால் 81 கிலோபாஸ்கல், அதாவது 607 மி.மீ. கீழே மேட்டுப்பாளையத்தில் 97 கிலோபாஸ்கலுக்குச் சற்று மேல். கடல்மட்டத்தில் 101.3.

உங்கள் தோட்டம் இந்த ஊர்களுக்கு நடுவே எங்காவது சரிவில் இருக்கும். நம் மலை உயரத்தில் நூறு மீட்டர் ஏறினால் சுமார் 1 கிலோபாஸ்கல், அதாவது 7 மி.மீ. பாதரசம், குறையும் என்று கணக்கிட்டால் போதும். தோட்டத்தின் உயரத்தைத் தொலைபேசி வரைபடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். பத்து இருபது மீட்டர் பிசகினால் குடி மூழ்காது.

ஒரு நுணுக்கம் உண்டு. அந்த அட்டவணை கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பம் என்று வைத்துப் போட்டது. நம் பக்கத்துக் காற்று அதைவிடச் சூடு. அதனால் ஊட்டியின் உண்மையான அழுத்தம் அட்டவணையைவிடச் சற்றுக் கூடவே இருக்கும்; வித்தியாசம் சுமார் 1 கிலோபாஸ்கல்தான். அட்டவணை எண்ணையே போட்டால் சக்‌ஷன் கணக்கு பத்திரமான பக்கம் சாயும். நான் அப்படித்தான் போடுகிறேன்.

தொலைபேசியில் வானிலை பார்த்தால் ஊட்டிக்கு 1015 ஹெக்டோபாஸ்கல் என்று இருக்கிறதே, சார்? நீங்கள் 77 கிலோபாஸ்கல், அதாவது 770 என்கிறீர்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் குழம்பியதில் தப்பே இல்லை. வானிலைச் செய்தியில் வருவது கடல்மட்டத்துக்குத் திருத்திய எண். சென்னையையும் ஊட்டியையும் ஒரே வரைபடத்தில் ஒப்பிட வேண்டுமானால் உயரத்தின் விளைவை நீக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் மலை ஊர்களில் எல்லாம் புயல் மையம் கொண்டிருப்பது போலத் தெரியும். அதனால் ‘ஊட்டி கடல்மட்டத்தில் இருந்திருந்தால்’ என்ற கற்பனை எண்ணைப் போடுகிறார்கள்.

பம்புக்குக் கற்பனை தெரியாது. அதற்கு வேண்டியது அந்த இடத்தில் உண்மையாக உள்ள அழுத்தம். சில தொலைபேசிகளில் அழுத்த உணரி இருக்கிறது. அதன் நேரடி எண்ணைக் காட்டும் செயலியில் ஊட்டிக்கு 770-க்கும் 780-க்கும் இடையில் வரும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் ஏறி இறங்குவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சக்‌ஷன் மானியின் சொந்தப் பிழையே அதைவிடப் பெரியது.

மானியில் கிலோ இருக்கிறது, பி.எஸ்.ஐ. இருக்கிறது, வெற்றிடத்துக்கு மி.மீ. இருக்கிறது. எதை எதோடு கழிப்பது?

கழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள். ‘இரண்டு கிலோ பிரஷர்’ என்று நாம் பேசுவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோ என்பதைத்தான். 1 கிலோ என்றால் 98 கிலோபாஸ்கல், 735 மி.மீ. பாதரசம், 10 மீட்டர் நீர், 14.2 பி.எஸ்.ஐ. எல்லாம் ஒன்றே. வெற்றிடத்துக்கு இன்னொரு கையடக்க அளவு: 100 மி.மீ. பாதரசம் என்றால் 13.3 கிலோபாஸ்கல் அல்லது 1.36 மீட்டர் நீர். பழைய மானிகளில் அங்குலப் பாதரசம் இருக்கும்; ஓர் அங்குலம் 25.4 மி.மீ.

சக்‌ஷன் வேலைக்கு நான் கழிப்பதை மி.மீ. பாதரசத்திலேயே முடித்துவிட்டு, விடையை மட்டும் மீட்டர் நீருக்கு மாற்றுவேன். நடுவில் மாற்றிக்கொண்டே போனால் எங்கோ ஒரு புள்ளி தவறும்.

மேட்டுப்பாளையத்தில் டயருக்கு 30 அடித்தேன். மறுநாள் காலை ஊட்டியில் பார்த்தாலும் 30. வளி அழுத்தம் குறைந்திருக்கிறதே, ஏன் கூடவில்லை?

அழகான கேள்வி, இரண்டு விஷயங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிட்டன. 30 பி.எஸ்.ஐ. என்பது 207 கிலோபாஸ்கல் கேஜ். மேட்டுப்பாளையத்தின் 97-ஐக் கூட்டினால் தனி அழுத்தம் 304. வெப்பம் மாறாமல் அப்படியே மேலே வந்திருந்தால் 304-லிருந்து 77 போக 227. மானி 33 காட்டியிருக்கும்.

ஆனால் கீழே 32 டிகிரியில் அடித்த காற்று, ஊட்டியின் விடியற்காலை 12 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கிறது. குளிர்ந்தால் தனி அழுத்தம் 304-லிருந்து 284-க்கு இறங்கும். 284-லிருந்து 77 போனால் 207. மீண்டும் அதே 30. உயரம் கொடுத்ததைக் குளிர் எடுத்துக்கொண்டது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: வெப்பத்தால் வரும் மாற்றத்தைக் கணக்கிடும்போது கேஜ் எண்ணை நேராகப் பெருக்கக் கூடாது. தனி அழுத்தத்துக்கு மாற்றி, பெருக்கி, திரும்பவும் கேஜுக்கு வர வேண்டும்.

குக்கர் விசில் இங்கேயும் அதே எடைதான். பிறகு ஏன் பருப்பு வேகத் தாமதமாகிறது?

விசிலின் எடை நிர்ணயிப்பது கேஜ் அழுத்தத்தை; ஏறத்தாழ 1 கிலோ. பருப்பை வேகவைப்பது வெப்பம், அந்த வெப்பத்தை நிர்ணயிப்பது தனி அழுத்தம். சமவெளியில் 98-ம் 101-ம் சேர்ந்து 199 கிலோபாஸ்கல், உள்ளே 120 டிகிரி. ஊட்டியில் 98-ம் 77-ம் சேர்ந்து 175 தான், 116 டிகிரி. திறந்த பாத்திரத்தில் நிலைமை இன்னும் மோசம், தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இந்தக் கொதிப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வியில் அது பம்புக்குள் வரப்போகிறது.

சக்‌ஷன் மானி 350 காட்டுகிறது. பம்ப் வாங்கிய இடத்தில் கேட்டால் ‘அது நல்ல அளவுதான்’ என்கிறார்கள். பம்ப் மட்டும் கல் அரைப்பது போலக் கத்துகிறது. ஏன், அண்ணா?

இது ஊட்டியை அடுத்து ஒரு கேரட் தோட்டத்தில் நடந்தது. ஓடையை மறித்த சிறு குட்டை, அதன் கரைமேல் பம்ப், இரண்டரை அங்குல சக்‌ஷன் குழாய், அடியில் ஃபுட் வால்வு. குட்டையின் நீர்மட்டத்திலிருந்து பம்ப் மையம்வரை மூன்றரை மீட்டர். நொடிக்கு 6 லிட்டர் வந்துகொண்டிருந்தது. வெற்றிட மானி 350 மி.மீ.; அதாவது 4.76 மீட்டர் நீர். மூன்றரை மீட்டர் தூக்குவதற்குப் போனது. மீதி ஒன்றே கால் மீட்டர் குழாய் உராய்விலும், ஃபுட் வால்வின் வலையிலும், தண்ணீருக்கு வேகம் கொடுப்பதிலும் போனது.

விற்றவர்கள் சமவெளிக் கணக்கைப் போட்டார்கள். நான் ஊட்டிக் கணக்கைப் போட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் சண்டை தீர்ந்துவிடும்:

```
சமவெளி:  760 − 350 = 410 மி.மீ. = 54.7 கிலோபாஸ்கல் (தனி)
ஊட்டி:    578 − 350 = 228 மி.மீ. = 30.4 கிலோபாஸ்கல் (தனி)
```

மானி ஒன்று, முள் ஒன்று, எண் ஒன்று. ஆனால் பம்பின் வாயில் உண்மையில் மிச்சமிருந்த அழுத்தம் அவர்கள் நினைத்ததில் பாதியைச் சற்றுத் தாண்டியது மட்டுமே. கிணற்று உவமையில் சொன்னால், இருவரும் தரையிலிருந்து 350 மி.மீ. இறங்கினார்கள். ஒருவர் கிணற்றுக்கு அடியில் இன்னும் 410 இருந்தது, மற்றவர் கிணற்றில் 228 தான்.

சரி, 30 கிலோபாஸ்கல் மிச்சம் இருக்கிறதல்லவா? சைபர் ஆகவில்லையே. பம்புக்கு அது போதாதா?

போதுமா என்பதைப் பம்பின் வரைபடம் சொல்லும். அதில் என்.பி.எஸ்.எச். என்று ஒரு கோடு இருக்கும். தண்ணீர் இம்பெல்லரின் கண்ணுக்குள் நுழையும்போது அழுத்தம் இன்னும் கொஞ்சம் விழும். அந்த வீழ்ச்சியிலும் தண்ணீர் கொதிக்காமல் இருக்க, வாயில் எத்தனை மீட்டர் கையிருப்பு வேண்டும் என்பதே அந்த எண். இந்தப் பம்புக்கு நொடிக்கு 6 லிட்டரில் 4.0 மீட்டர் வேண்டும் என்று போட்டிருந்தது.

நம் கையிருப்பைக் கணக்கிட, தனி அழுத்தத்திலிருந்து தண்ணீரின் ஆவி அழுத்தத்தைக் கழிக்க வேண்டும். 15 டிகிரித் தண்ணீருக்கு அது 1.7 கிலோபாஸ்கல். அதற்குக் கீழே அழுத்தம் போனால் குளிர்ந்த தண்ணீரும் கொதிக்கும். மிச்சத்தை 9.81-ஆல் வகுத்தால் மீட்டர். தண்ணீரின் வேகத்தில் அடங்கியதையும் கூட்டிக்கொள்ளலாம். இங்கே நொடிக்கு 1.8 மீட்டர் வேகம், அதற்கு 0.17 மீட்டர்.

```
ஊட்டி:    (30.4 − 1.7) ÷ 9.81 + 0.17 = 3.1 மீட்டர்
சமவெளி:  (54.7 − 1.7) ÷ 9.81 + 0.17 = 5.6 மீட்டர்
தேவை:     4.0 மீட்டர்
```

சமவெளிக் கணக்கில் ஒன்றரை மீட்டர் உபரி. உண்மையில் 0.9 மீட்டர் பற்றாக்குறை. பற்றாக்குறை இருந்ததால் இம்பெல்லரின் கண்ணில் தண்ணீர் கொதித்துக் குமிழி ஆனது, சற்று உள்ளே போய் அழுத்தம் கூடியதும் அந்தக் குமிழிகள் நொறுங்கின. கல் அரைக்கும் சத்தம் அதுதான். திறந்து பார்த்தபோது இம்பெல்லர் இலைகளின் நுழைவு ஓரத்தில், அரித்த பல் போலப் பொத்தல் பொத்தலாக இருந்தது. விரலால் தடவினால் உப்புத்தாளைத் தடவுவது போல இருந்தது.

அதை எப்படிச் சரிசெய்தீர்கள்? பெரிய பம்ப் வாங்கினீர்களா?

பெரிய பம்ப் வைத்திருந்தால் சத்தம் இன்னும் கூடியிருக்கும். கூடுதல் தண்ணீர், கூடுதல் உராய்வு, கூடுதல் தேவை. ஊட்டியின் வளி அழுத்தத்தை நம்மால் மாற்ற முடியாது. மாற்ற முடிந்தது வெற்றிட அளவை மட்டும். கரையில் ஒரு படி வெட்டிப் பம்பை ஒரு மீட்டர் கீழே இறக்கினோம். ஃபுட் வால்வைத் தூக்கிப் பார்த்தால் வலை முழுக்கப் பாசியும் மக்கிய இலையும். அதைச் சுத்தம் செய்தோம். மானி 350-லிருந்து 240-க்கு வந்தது. குறைந்த 110 மி.மீ. என்பது ஒன்றரை மீட்டர் நீர். ஒரு மீட்டர் இறக்கியதால், அரை மீட்டர் பாசி போனதால்.

இப்போது 578-லிருந்து 240 போக 338 மி.மீ., அதாவது 45.1 கிலோபாஸ்கல். மேலே உள்ள சூத்திரத்தில் போட்டால் 4.6 மீட்டர். தேவையைவிட 0.6 கூட. இதை நான் தாராளம் என்று சொல்ல மாட்டேன். வரைபடத்தில் உள்ள தேவை எண்ணே, பம்பின் ஹெட் 3 சதவீதம் விழுந்துவிட்ட நிலையில் அளப்பது. அந்த எண்ணில் சரியாக நின்றால் குமிழி ஏற்கெனவே தொடங்கியிருக்கும். அரை மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. கோடையில் குட்டை வற்றி நீர்மட்டம் இறங்கினால் மறுபடியும் கத்தும் என்று அப்போதே சொல்லிவிட்டு வந்தேன்.

சத்தம் காற்றுக் கசிவாலும் வரலாம் என்கிறார்கள். எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டெலிவரி வால்வை மெதுவாக மூடிக்கொண்டே காது கொடுத்துக் கேளுங்கள். நீர் ஓட்டம் குறையக் குறைய உராய்வும் குறையும், பம்பின் தேவையும் குறையும். வெற்றிட முள் சைபரை நோக்கி வரும்போது சத்தம் அடங்கினால் முன்பு சொன்ன கொதிப்புதான் காரணம். எவ்வளவு மூடினாலும் சத்தமும் முள்ளின் துள்ளலும் போகவில்லை என்றால் காற்று நுழைகிறது.

மானியும் ஜாடை காட்டும். ஃபுட் வால்வு அடைத்தால் வெற்றிடம் வழக்கத்தைவிடக் கூடும். சக்‌ஷன் இணைப்பில் காற்று நுழைந்தால் வெற்றிடம் வழக்கத்தைவிடக் குறையும், முள் நடுங்கும், பம்ப் நின்றால் மறுபடி தண்ணீர் ஊற்றித்தான் கிளப்ப வேண்டியிருக்கும். அதனால் நன்றாக ஓடும் நாளில் மானி என்ன காட்டியது என்பதைப் பம்ப் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வையுங்கள். அது இல்லாமல் ‘கூடியதா, குறைந்ததா’ என்ற கேள்விக்கே பதில் கிடையாது.

மானியைப் பார்க்க வசதியாக அரை மீட்டர் மேலே தூக்கி வைத்திருக்கிறேன். எண் மாறுமா?

இணைப்புக் குழலுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தண்ணீர் நிறைந்திருந்தால், அந்த அரை மீட்டர் நீர் கீழ்நோக்கி இழுப்பதால் மானி 37 மி.மீ. கூடுதல் வெற்றிடம் காட்டும். அதைக் கழித்துவிட்டுக் கணக்கிட வேண்டும். குழலில் காற்று மட்டும் இருந்தால் திருத்தம் தேவையில்லை.

வெற்றிடப் பக்கத்தில் குழலுக்குள் பாதி காற்று, பாதி தண்ணீர் என்று நிற்பதுதான் வழக்கம். அப்போது எதைக் கழிப்பது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே முடிந்தவரை பம்ப் மையத்தின் மட்டத்திலேயே மானியை வையுங்கள். குனிந்து பார்ப்பதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

புதிதாக வாங்கிய கிளிசரின் மானி. இன்னும் குழாயில் மாட்டவே இல்லை, 180 வெற்றிடம் காட்டுகிறது. கெட்டுப்போன சரக்கா?

திருப்பிக் கொடுக்க மலை இறங்காதீர்கள். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், ஊட்டி வந்து சேரும்போது வெடித்துவிடுவது போல உப்பியிருக்குமே, அதே கதைதான். முதல் பதிலில் சொன்ன பித்தளைக் குழலுக்கு வெளியே இருப்பது ஊட்டிக் காற்று இல்லை. கிளிசரினோடு சேர்த்து உள்ளே அடைத்த சமவெளிக் காற்று. அதன் அழுத்தம் 760-ஐ ஒட்டி இருக்கிறது. குழலுக்கு உள்ளே ஊட்டியின் 578. வித்தியாசம் 182, மானி அதைத்தான் உண்மையாகக் காட்டுகிறது.

மானியின் தலையில் சிறிய ரப்பர் அடைப்பான் இருக்கும். நிமிர்த்தி வைத்து அதை லேசாகத் தூக்கினால் ‘புஸ்’ என்று மூச்சு விடும், முள் சைபருக்கு வந்துவிடும். சிலவற்றில் அடைப்பானின் நுனியை வெட்டச் சொல்லியிருப்பார்கள். மூச்சு விடாத மானியை அப்படியே மாட்டி ஓட்டினால், ஒவ்வொரு வாசிப்பிலும் 180 மி.மீ. பொய் கலந்திருக்கும், 240 உள்ள இடத்தில் 420 காட்டும், நீங்கள் நல்ல பம்பைப் பிரித்துப் போடுவீர்கள்.

எங்கள் மானி சில சமயம் 650 வரை போகிறது. பம்ப் அவ்வளவு நன்றாக உறிஞ்சுகிறது என்று அர்த்தமா?

ஊட்டியில் கிணறே 580 ஆழம்தான் என்றால் 650 எப்படி இறங்க முடியும்? இடம் நழுவிய முள்ளோ, வளைந்த குழலோ, மேலே சொன்ன மூச்சு விடாத மானியோ தான் காரணம். முகப்பில் 760 வரை கோடு போட்டிருப்பது கடற்கரைக்காக. இங்கே 600-ஐத் தாண்டும் எந்த எண்ணையும் நம்பாதீர்கள். கிலோவில் கோடு போட்ட மானியில் மைனஸ் 0.8-க்கு அப்பால் ஒன்றும் இல்லை. கணக்குப் போட்டுத் தனி அழுத்தம் மைனஸில் வந்தால், கழித்ததில் தவறு அல்லது மானியில் தவறு. மூன்றாவது காரணம் கிடையாது.

ஒழுங்காக உள்ள மானியிலும் முழு அளவில் 1.6 சதவீதம் பிழை இருக்கலாம் என்று முகப்பிலேயே போட்டிருப்பார்கள். 760-க்கு அது 12 மி.மீ. ஆகவே 347-ஆ 350-ஆ என்று கண்ணாடி போட்டுப் பார்த்துச் சண்டை போட வேண்டாம்.

வெற்றிடம் 60 சதவீதம் என்று ஒருவர் சொல்கிறார், 46 என்று இன்னொருவர் சொல்கிறார். ஒரே மானி, ஒரே முள்.

ஒருவர் 350-ஐ 578-ஆல் வகுத்தார், மற்றவர் 760-ஆல். இருவருமே சரி, இருவரின் பேச்சும் பயனில்லை. எதில் சதவீதம் என்று சொல்லாத வரையில் மலையில் சதவீதத்தில் வெற்றிடம் பேசாதீர்கள். மி.மீ.-யில் சொல்லுங்கள்.

பம்பின் மொத்த ஹெட் கணக்கிடவும் ஊட்டி அழுத்தம் போட வேண்டுமா?

வேண்டாம். டெலிவரி மானி 3.2 கிலோ காட்டினால் 32 மீட்டர். சக்‌ஷன் வெற்றிடம் 350 மி.மீ. என்றால் 4.76 மீட்டர். கூட்டினால் 36.8 மீட்டர், இரண்டு மானிக்கும் உயர வித்தியாசம் இருந்தால் அதையும், இரண்டு குழாயிலும் வேகம் வேறுபட்டால் அந்தச் சிறு திருத்தத்தையும் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். இரு மானிகளும் ஒரே ஊட்டிக் காற்றிலிருந்து எண்ணுவதால் கழிக்கும்போது வளி அழுத்தம் தானாக அடிபட்டுப் போகிறது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஹெட்டுக்கு வேண்டாம் என்று பழகியவர்கள் என்.பி.எஸ்.எச்.-க்கும் வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் போதுமானால் கேஜ் போதும். கொதிப்பு, காற்றின் அடர்த்தி, வாயு விரிவது போன்றவை வந்தால் தனி அழுத்தம் வேண்டும்.

வெற்றிட மானி வாங்கி மாட்டினால் மாதத்துக்கு ஒன்று கெட்டுப்போகிறது. முள் சைபருக்கு வெளியே போய் நிற்கிறது. என்ன செய்வது?

பம்பை நிறுத்தும்போது நடக்கிறது. டெலிவரியில் தனி நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாத இடங்களில், பம்ப் நின்றதும் மேலே சரிவில் நிற்கும் நீர் முழுவதும் பம்ப் வழியாகத் திரும்பி வந்து ஃபுட் வால்வின் மேல் உட்காரும். தோட்டம் முப்பது மீட்டர் மேலே இருந்தால் சக்‌ஷன் குழாயில் 3 கிலோ நேர் அழுத்தம். வெற்றிடத்துக்கு மட்டுமே செய்த மானி அந்த அடியில் நிமிர்ந்துவிடும். அதற்குப் பிறகு அது காட்டும் எந்த எண்ணும் எண்ணே இல்லை.

வெற்றிடமும் நேர் அழுத்தமும் இரண்டும் உள்ள காம்பவுண்ட் மானியை, உங்கள் சரிவின் உயரத்துக்கு ஏற்ற அளவில் வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் மானிக்கு அடியில் ஒரு சிறு காக் வைத்து, பார்க்கும்போது மட்டும் திறந்து, பம்பை நிறுத்தும் முன் மூடிவிடுங்கள். அந்தக் காக் இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு: மூடிவிட்டு மானியைக் கழற்றி வெளிக்காற்றில் பிடித்து, முள் சைபரில் நிற்கிறதா என்று ஓடும் பம்பிலேயே சோதித்துக்கொள்ளலாம்.